சுள்ளிக்குப் பின்னால் இருந்த இறகு

பறவைப் படத்தின் குறுக்கே விழுந்த சுள்ளியை அழிப்பது கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியைத் துடைப்பதற்கு ஒப்பானதே என்றொரு வாதம் ஒளிப்படப் பயிலரங்குகளில் தடையின்றி உலவுகிறது. பல்கலைக்கழக விலங்கியல் துறைகளின் சுவர்களுக்குள்ளும் அது இப்போது நுழைந்துவிட்டது. முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் ஒட்டப்படும் பறவைப் படங்கள், துறைச் சுவரொட்டிகள், குடிமக்கள் அறிவியல் தளங்களில் சான்றாக ஏற்றப்படும் படங்கள் ஆகிய மூன்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்து, “இறகு கூர்மையாகத் தெரிகிறதா?” என்று மட்டும் கேட்கிறார்கள். தெரிந்தால் வேலை நேர்த்தி, தெரியாவிட்டால் கை பழகவில்லை என்பது தீர்ப்பு. அந்தக் கூர்மையான இறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எழுப்புவோர் அரிது.

இந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. ஆகவே அதை அப்படியே தூக்கி எறிவதும் சோம்பலே. எந்தச் சுள்ளிக்குப் பின்னால் இறகு உண்மையாகவே பதிவாகியிருக்கிறது, எந்தச் சுள்ளிக்குப் பின்னால் எதுவுமே பதிவாகவில்லை என்று பிரித்தறியும் வழி ஒளியியலிலேயே இருக்கிறது. அதைக் கற்பிக்காமல் க்ளோன் கருவியை மட்டும் மாணவர் கையில் கொடுப்பதுதான் இங்கே எதிர்க்கப்படுவது.

ஏலப்பாறையை எடுத்துக்கொள்வோம். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் சாலையில், தேயிலையும் ஏலமும் சூழ்ந்த ஊர். தோட்டங்களின் விளிம்பிலும் ஓடைக்கரைச் சோலைத் துண்டுகளிலும் புதர் அடர்ந்து கிடக்கும். மூடுபனி இறங்கினால் நண்பகலும் மாலைபோல் மங்கிவிடும். இந்த மலைத்தொடரில் உயரமான பகுதிகளின் புதர்களில் வாழ்வது பழனிச் சிரிப்பான். குரல் ஊரைக் கூட்டும், உடல் மட்டும் முழுதாகக் கண்ணில் படாது. காட்டுப் பெர்ரிச் செடிகளுக்கும் குறிஞ்சிப் புதர்களுக்கும் உள்ளேயே தாவிக்கொண்டிருக்கும் பறவை அது. அதன் படத்தில் ஒரு குச்சியாவது குறுக்கே வராமல் இருப்பது அரிது. குச்சி அழிக்கும் கலையின் மீது இங்கு வரும் படக்காரர்களுக்கு அத்தனை ஆசை இருப்பதில் வியப்பில்லை.

அவர்களில் ஒருவர் 600 மி.மீ. லென்ஸை எஃப் 6.3 துளையில் வைத்து, பத்து மீட்டர் தொலைவில் புதருக்குள் இருக்கும் சிரிப்பானைக் குறிவைக்கிறார் என்று கொள்வோம். 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள சென்சாரில், அந்தத் தொலைவில் கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர்தான். பறவையின் உடல் தடிமனுக்கே அது காணும். அதற்கு முன்னால் உள்ள எதுவும் மங்கும். ஆனால் எல்லாம் ஒரே விதமாக மங்குவதில்லை என்பதில்தான் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஐந்து மி.மீ. தடிமனுள்ள ஒரு சுள்ளி பறவைக்கு ஒரு மீட்டர் முன்னால், அதாவது கேமராவிலிருந்து ஒன்பது மீட்டரில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். லென்ஸின் துளை விட்டம் 95 மி.மீ. இந்த அகலத் துளையின் ஒவ்வொரு பகுதியும் பறவையைச் சற்றே வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது. துளையின் இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் சுள்ளி மறைக்கும் இறகு ஒன்று, வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று. கணக்கிட்டால், சுள்ளியின் ஒவ்வொரு புள்ளியும் பறவையின் தளத்தில் சுமார் பத்தரை மி.மீ. அகலமுள்ள வட்டமாகப் பரவுகிறது. சுள்ளியின் நிழலுருவோ அதே தளத்தில் ஐந்தரை மி.மீ.தான். பரவும் வட்டம் பொருளைவிடப் பெரிதாகும்போது அந்தப் பொருளால் எந்த இறகையும் முழுதாக மறைக்க முடியாது. பட்டையின் நட்டநடுவில்கூட லென்ஸ் துளையின் 63 விழுக்காடுதான் அடைபடும். மீதி 37 விழுக்காட்டின் வழியாக இறகின் ஒளி சென்சாரை வந்தடைந்துவிடுகிறது. அங்கே படத்தில் இருப்பது ஒரு திரை. இறகு அதன் கீழே, நலிந்த நிலையில், உண்மையாகவே பதிவாகியிருக்கிறது.

அதே சுள்ளி பறவைக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் கதை மாறுகிறது. பரவும் வட்டம் ஒரு மி.மீ.க்குள் சுருங்கிவிடும். ஐந்து மி.மீ. சுள்ளியின் நடுவில் நான்கு மி.மீ. அளவுக்கு லென்ஸ் துளை முழுவதுமே அடைபட்டுவிடும். அங்கிருப்பது சுவர். சுவருக்குப் பின்னால் இருந்த இறகின் ஒளியில் ஓர் அணுவும் சென்சாருக்கு வரவில்லை. எந்த மென்பொருளாலும், எந்தக் கைத்திறனாலும் அதை மீட்க முடியாது. மீட்டதாகத் தோன்றுவது வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டியது.

பயிலரங்குகள் இந்த இரண்டையும் “சுள்ளி” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. இரண்டுக்கும் ஒரே மருந்தாக க்ளோன் முத்திரையை நீட்டுகின்றன. விளைவு விந்தையானது. திரைக்குக் கீழே உண்மையான இறகு உயிரோடு இருக்கும்போதே, அதன் மேல் பக்கத்து இறகை ஒட்டி அதை அழித்துவிடுகிறார்கள். மீட்டிருக்கக்கூடிய தரவைக் கொன்று, அந்த இடத்தில் பொய்யை வைப்பது எந்த நேர்த்திக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

திரையை விலக்கும் முறை க்ளோனிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. திரையின் கீழ் உள்ள ஒவ்வொரு பிக்சலும் சுள்ளியின் ஒளியும் இறகின் ஒளியும் ஒரு விகிதத்தில் கலந்தது:

```
I = α·T + (1 − α)·F
F = (I − α·T) / (1 − α)
```

I என்பது பதிவான மதிப்பு, T சுள்ளியின் நிறம், F தேடப்படும் இறகு, α லென்ஸ் துளை அடைபட்ட பங்கு. இறகைக் காண α தெரியவேண்டும். அதைப் படத்திலிருந்தே அளக்கலாம். சுள்ளி பறவையின் உடலோடு நின்றுவிடுவதில்லை, உடலின் எல்லையைத் தாண்டிப் பின்னணி மீதும் ஓடும். பின்னணி மங்கிய ஒரே நிறமாக இருந்தால், அதன் மதிப்பு சுள்ளியின் இருபுறமும் வெளிப்படையாகக் கிடக்கிறது. எடுத்துக்காட்டாக, ரா கோப்பின் பச்சைத் தடத்தில் பின்னணி 400 என்றும், சுள்ளியின் முழு நிறம் (ஒளி ஊடுருவாத தடித்த கணுவில் அளந்தது) 100 என்றும், பின்னணிமேல் செல்லும் பட்டையின் நடுவில் 210 என்றும் இருந்தால், α சுமார் 0.63. இப்போது இறகின் மீது அதே பட்டையின் நடுவில் 160 என்று வாசித்தால், 160இலிருந்து 63ஐக் கழித்து 0.37ஆல் வகுக்க 262 வரும். திரை விழாத பக்கத்து இறகும் அதே அளவில் இருந்தால் கணக்கு பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் α தவறு, அல்லது சுள்ளி அந்த இடத்தில் தடித்தோ மெலிந்தோ போகிறது.

இக்கணக்கு ரா கோப்பில்தான் செல்லும். அங்கே எண்கள் விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கின்றன. ஜேபெக் கோப்பில் எண்கள் ஒரு வளைகோட்டின் வழியே மாற்றப்பட்டுவிட்டதால், கழித்தால் நிறம் திரிந்து, பட்டையின் விளிம்பில் நீலமோ பச்சையோ கசியும். கணக்குப் போட விரும்பாதவர் ரா மென்பொருளில் சுள்ளியின் பாதை நெடுக ஒரு மென்மையான மாஸ்க் தீட்டி, கருமையின் தொடக்கப் புள்ளியைக் கீழே இறக்கி, மாறுபாட்டை உயர்த்தி, நிறவெப்பத்தைத் திருத்தினாலும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது. மாஸ்க்கின் ஓரம் பட்டையின் ஓரத்தைப் போலவே படிப்படியாகக் கரையவேண்டும் என்பது ஒன்றே இதில் கைத்திறன் கேட்கும் இடம். சிலர் இதில் ஓர் அரைமணி நேரம் செலவிடத் தயங்கி க்ளோனுக்குப் போகிறார்கள். அவர்களே சட்டகத்தின் மூலையில் தெரியும் ஒரு புல்லை நீக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதும் உண்டு.

இந்த மீட்புக்கும் எல்லை உண்டு. இறகின் வெளிச்ச இழைக்கும் நிழல் இழைக்கும் இடையே 25 அலகு வேறுபாடு இருந்தால், 0.63 திரையின் கீழ் அது 9 அலகாகச் சுருங்கிப் பதிவாகிறது. மூடுபனியில் உயர் ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தில் இரைச்சல் 4 அலகு என்றால், இழை இரைச்சலுக்கு மேலே தலைகாட்டுகிறது. வகுத்து உயர்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து உயர்வதால் மீட்ட பட்டை பக்கத்து இறகைவிடச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அது நேர்மையான சொரசொரப்பு. α 0.9 ஆனால் வேறுபாடு இரண்டரை அலகாகிவிடும், இரைச்சல் அதை விழுங்கிவிடும். 0.8க்கு மேல் போனாலே திரையைச் சுவராகக் கருதுவதுதான் அறிவுடைமை. அங்கே இறகின் பொதுநிறம் மட்டும் மீளும், இழை மீளாது. இழையும் கூர்மையாக மீண்டுவிட்டது என்று யாராவது காட்டினால், அவர் வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

சுவரின் கதைக்கு வருவோம். க்ளோன் வேலை தெரிந்தவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நல்ல கைக்காரர் படத்தைக் கூர்மையாக்கும் முன்பே சுள்ளியை நீக்குவார். கூர்மையாக்கிய பின் நீக்கினால் சுள்ளியின் இருகரையிலும் ஒளிவட்டக் கோடு எஞ்சி, அழிந்த சுள்ளியின் பேய் போல நிற்கும். தனி லேயரில் `Sample: Current & Below` என்று வைத்து வேலை செய்வார். அதே இறகுத் தொகுதியிலிருந்து, அதே வெளிச்சம் விழும் வளைவிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பார். மார்பிலிருந்து விலாவுக்கு எடுக்கமாட்டார். இறகுகள் ஓட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், `Clone Source` பலகத்தில் மாதிரியின் கோணத்தைச் சில பாகை திருப்பி, இழைகளின் ஓட்டம் சுள்ளியின் இருபுறமும் முறியாமல் சேரும்படி பார்த்துக்கொள்வார். உடலின் வெளிக்கோட்டில் `Healing Brush` கருவியைத் தொடமாட்டார். அது பின்னணியின் நிறத்தை உடலுக்குள் இழுத்துப் பூசிவிடும். `Content-Aware Fill` கருவியின் பக்கமே போகமாட்டார். ஒரே இறகு நுனி மூன்று இடத்தில் முளைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனையும் செய்தபின் கிடைப்பது மிக அழகான ஊகம். அது ஊகம் என்பதை அழகு மறைத்துவிடுகிறது என்பதே குற்றச்சாட்டு. ஊகம் எங்கே தீங்கற்றது, எங்கே தீங்கானது என்பது பறவையைப் பொறுத்தது. மென்பொருளை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் அது தெரியவராது.

ஏலப்பாறைச் சிரிப்பானுக்குத் திரும்பினால் இது தெளிவாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிரிப்பான்களை ஆராய்ந்து, வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் மோண்டெசிங்க்லா என்னும் புதிய பேரினத்தை நிறுவினர். அவ்வகைப்பாட்டில், பாலக்காட்டுக் கணவாய்க்கும் அச்சன்கோவில் கணவாய்க்கும் இடையில் வாழ்வது பழனிச் சிரிப்பான். அச்சன்கோவிலுக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் வாழ்வது அசம்பு சிரிப்பான். நீண்ட காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டவை இவை. பார்வைக்கு மிக நெருங்கியவை. கண்ணால் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் முதன்மையானது வெள்ளைப் புருவக் கோடு. பழனிச் சிரிப்பானுக்கு அது கண்ணைக் கடந்து பின்னால் நீள்கிறது. அசம்பு சிரிப்பானுக்குக் கண்ணுக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

ஒரு சுள்ளி கண்ணின் பின்முனையைத் தொட்டு, உச்சந்தலையிலிருந்து கன்னம் நோக்கிச் சரிவாக இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். பறவைக்கு மிக அருகில் இருக்கும் சுள்ளி, ஆகவே சுவர். கைக்காரர் மாதிரி எடுக்க அருகிலேயே உள்ள பெரிய பரப்பைத் தேடுவார். அது சாம்பல் படிந்த பழுப்புநிற உச்சந்தலை. மேலிருந்து கீழாகச் சிறு சிறு தடவல்களாக இறங்கி வருகிறார். இழைகள் அழகாகச் சேர்கின்றன. புருவக் கோடு கண்ணுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. சுள்ளிக்கு அப்பால் எஞ்சிய வெள்ளைத் துணுக்கு, பொருத்தமற்ற வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. “ஏதோ பளபளப்பு” என்று அதையும் தடவிவிடுகிறார். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இறகிழையும் கத்திபோல் கூர்மை. பழனிச் சிரிப்பான் முகத்தில் அசம்பு சிரிப்பானின் புருவம் வந்து அமர்ந்திருக்கிறது.

இடம் ஏலப்பாறை என்று எழுதியிருக்கும்வரை அறிந்தவர் எவரும் ஏமாறமாட்டார் என்று மறுக்கலாம். உண்மை. ஆனால் படம் இடக்குறிப்போடு சேர்ந்தே என்றும் பயணம் செய்வதில்லை. ஆய்வேட்டுக்கும், வகுப்புப் படக்காட்சிக்கும், அடையாளம் காணும் பயிற்சிக்கும் படம் மட்டும் தனியே போகிறது. இன எல்லையை இடம் காப்பாற்றும் இந்த எளிய வழக்கிலேயே இப்படி என்றால், இடம் காப்பாற்றாத வழக்குகளில் சொல்லவே வேண்டாம். குளிர்காலத்தில் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் வந்து தங்கும் இலைக்கதிர்க்குருவிகள் ஒன்றையொன்று அச்சாக ஒத்தவை. சிறகின் குறுக்கே ஓடும் மெல்லிய பட்டை எத்தனை, எவ்வளவு தெளிவு என்பதை வைத்துத்தான் அங்கே வாதமே நடக்கிறது. அந்தப் பட்டையின் மேல் விழுந்த சுள்ளியை நீக்கியவர் அந்த வாதத்தில் தன் தீர்ப்பை எழுதிவிட்டார், அதுவும் கையெழுத்திடாமல்.

கேரளப் பறவை நிலவரைபடம் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்களின் உழைப்பால் உருவானது. அதன் தரவு ஈபேர்ட் தளத்தின் வழியே திரட்டப்பட்டது. ஈபேர்டில் ஏற்றும் படங்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்தில் சேமிக்கப்படுகின்றன. அங்கே படம் ஒரு மாதிரிச்சான்று. ஐம்பது ஆண்டு கழித்து வகைப்பாடு மாறும்போது, இன்று யாரும் கவனிக்காத ஓர் இறகைத் தேடி எவரோ அதைத் திறப்பார். ‘முக்கியமற்ற இடத்தில்தானே ஒட்டினேன்’ என்ற சமாதானம் அப்போது செல்லாது. எந்த இறகு முக்கியம் என்பதை இன்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2017க்கு முன் பேரினமே வேறாக இருந்தது என்பதை நினைத்தால் போதும்.

இனித் தூசி வாதத்துக்கு. பன்னாட்டு ஒளிப்பட அமைப்புகள் சேர்ந்து வகுத்து, 2015 முதல் நடைமுறையில் உள்ள இயற்கை ஒளிப்பட வரையறை, படத்தில் உள்ள எதையும் நீக்கவோ சேர்க்கவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது. கேமரா தானே சேர்த்த தூசிப் புள்ளி, இரைச்சல், கீறல் போன்றவற்றை மட்டும் நீக்கலாம். சட்டகத்தை வெட்டிச் சுருக்கலாம். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படை, தடை எங்கிருந்து வந்தது என்பதில் நிற்கிறது. அறிவியலுக்கு அது போதாது. புருவக் கோட்டின் மேல் விழுந்த தூசிப் புள்ளியும் இறகை மறைக்கத்தான் செய்கிறது. அதை நிரப்பினாலும் ஊகம்தான். தூசிக்கு ஒப்பு என்று சுள்ளியை நியாயப்படுத்துவோர், ஒப்புமையின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை. தூசி தீங்கற்றதாகத் தோன்றுவது அது பெரும்பாலும் வெறும் வானத்தின் மேல் விழுவதால்தான். தடையின் பிறப்பிடத்தைவிட, அதன் கீழே என்ன இருந்தது, அது வேறெங்காவது பதிவாகியிருக்கிறதா என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள்.

ஆய்வுலகம் இதைத் தன் வீட்டிலேயே பட்டறிந்திருக்கிறது. ‘ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி’ 2002இலிருந்து ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களைத் திருத்தலுக்காகச் சோதிக்கத் தொடங்கியது. அதன் ஆசிரியர்க் குழுவைச் சேர்ந்த ரோஸ்னரும், யமடாவும் 2004இல் எழுதிய கட்டுரை, படத்தின் எந்தக் குறிப்பிட்ட கூறையும் மிகைப்படுத்தவோ மறைக்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது என்ற நெறியை எடுத்துரைத்தது. ஒளிர்வுத் திருத்தம் படம் முழுமைக்கும் சீராக இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஜெல் படத்தில் ஒரு பட்டையைத் தடவி அழித்தால் வேலை போகும் என்று அறிந்த அதே பேராசிரியர், பறவைப் படத்தில் சிறகுப் பட்டையைத் தடவி அழித்த மாணவரைப் பாராட்டுவது எவ்விதத்தில் பொருந்தும்? அந்த நெறியைக் கண்டிப்பாகப் பொருத்தினால் மேலே சொன்ன திரை விலக்கலும் உள்ளூர்த் திருத்தமே என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது பதிவான தரவிலிருந்து மட்டும் பெறப்படுகிறது, திரும்பச் செய்து சரிபார்க்கக்கூடியது என்பதால் வேறானது. வேறானது என்பதால் சொல்லாமல் விடலாம் என்று ஆகாது.

பத்திரிகையுலகம் இன்னும் கடுமை. 2010இல் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஸ்டெபான் ருடிக், ஒரு கையின் பின்னால் எட்டிப் பார்த்த கால் நுனியை அழித்தார் என்பதற்காகப் பரிசை இழந்தார். இயற்கை ஒளிப்படத்திலோ, ஸ்வீடன் அரசு அமைப்பின் விருது பெற்ற டெரியே ஹெல்லெசோவின் வழக்கு 2011இல் வெடித்தது. வேறிடத்திலிருந்து எடுத்த லின்க்ஸ் பூனைகளை அவர் தம் காட்டுப் படங்களில் ஒட்டியிருந்தார். ஐயத்தைக் கிளப்பியது கணினிச் சோதனையன்று. கோடைக்காலம் என்று குறித்த படத்தில் பூனை குளிர்காலத்து மயிரோடு நின்றதைக் காட்டறிந்த ஒருவர் கவனித்தார். பழைய படத்திலிருந்து இறகு கடன் வாங்குவோர் இதை மனத்தில் கொள்வது நல்லது. பறவை இறகுதிர்த்துப் புதிதாக முளைக்கும் உயிர். மார்கழியின் புத்திறகு ஆனியின் தேய்ந்த இறகாக முடியாது. நுனி தேய்ந்த இறகுகளுக்கு நடுவே ஒரு கீற்று மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், அறிந்தவர் கண்ணில் அது உறுத்தும்.

ஒட்டு வேலையைக் காட்டிக்கொடுப்பவை வேறும் உண்டு, எல்லாமே கண்ணால் காணக்கூடியவை. பறவைக்கு அருகில் இருந்த சுள்ளி தன் நிழலை இறகின் மேல் போட்டிருக்கும். சுள்ளியை அழித்தவர் நிழலை மறந்துவிடுவார், உடலின் குறுக்கே காரணமற்ற கருங்கோடு ஒன்று மிஞ்சும். மூடிய சிறகின் நுனியில் முதன்மை இறகுகள் இடைவெளி படிப்படியாக மாறும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். ஒட்டியபின் இரண்டு இடைவெளிகள் அச்சாக ஒன்றுபோல் நிற்கும். கால் விரல்கள் எதையோ பற்றியிருக்கும், பற்றியது படத்தில் இராது.

சுவரின் முன் ஒளிப்படக்காரர் முற்றிலும் கையறு நிலையில் இல்லை என்பதுதான் இவ்விவாதத்தில் மிகவும் புறக்கணிக்கப்படும் உண்மை. மருந்து கணினியில் இல்லை, காலில் இருக்கிறது. ஒன்பது மீட்டரில் உள்ள அந்தச் சுள்ளியையே எடுத்துக்கொண்டால், கேமராவைப் பத்து சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். பறவையின் மேல் சுள்ளியின் இடம் பதினொரு மி.மீ. விலகிவிடும், சுள்ளியின் அகலத்தைப் போல இருமடங்கு. முதல் சட்டகத்தில் மறைந்த இறகு இரண்டாவதில் வெளிப்பட்டுவிடும். பறவையை ஒட்டிய சுள்ளிக்கு அரை மீட்டருக்கு மேல் நகரவேண்டும், அதற்குள் சிரிப்பான் காணாமல் போவதும் உண்டு. ஆனாலும் நகராமல் நின்று நொடிக்கு இருபது சட்டகம் சுட்டால்கூட, பறவை தலை திருப்பும் கணத்தில் புருவம் சுள்ளியை விட்டு வெளியே வந்துவிடும். அந்தச் சட்டகத்திலிருந்து இறகை எடுத்து முதல் சட்டகத்தில் பொருத்தினால், பொருத்தப்பட்டது குறைந்தது அதே பறவையின், அதே இடத்து, அதே நொடியின் இறகு. போட்டி விதிகள் இதையும் ஏற்கமாட்டா. ஆனால் அறிவியல் படத்துக்கு இது ஊகமன்று. இரண்டு மூலச் சட்டகங்களையும் உடன் வைத்தால் எவரும் சரிபார்க்கலாம். அதைவிட எளியது, இரண்டு சட்டகங்களையும் தொடாமல் அப்படியே ஏற்றுவது. ஈபேர்ட் ஒரு பறவைக்கு ஒரு படம்தான் என்று கட்டுப்படுத்தவில்லை.

சுவரொட்டிக்கும் நாட்காட்டிக்கும் அழகுக்காகச் சுள்ளி நீக்குவதை யாரும் தடுக்கவேண்டியதில்லை என்ற எதிர்வாதம் சரியானது. கள வழிகாட்டி நூல்களின் வண்ணத் தட்டுகளில் பறவைக்குக் குறுக்கே சுள்ளி வரைந்த ஓவியர் எவருமில்லை. சலீம் அலியின் நூல் 1941இல் வந்தபோது அதன் படங்களை யாரும் சாட்சியமாகக் கொள்ளவில்லை. பல பறவைகளைப் பார்த்து ஒன்றாக வடித்த உரு என்று ஓவியம் தானே அறிவித்துக்கொள்கிறது. ஒளிப்படம் அப்படி அறிவித்துக்கொள்வதில்லை, அதன் முழு மதிப்பும் அறிவித்துக்கொள்ளாமையில்தான் இருக்கிறது. ஆகவே ஓவியத்தின் உரிமையைக் கோருபவர் ஓவியத்தின் பெயரையும் ஏற்கவேண்டும். படத்தின் கீழே “முன்னிருந்த சுள்ளி நீக்கப்பட்டது, கண்ணுக்குப் பின்னுள்ள இறகுகள் வேறிடத்திலிருந்து நிரப்பப்பட்டவை” என்று ஒரு வரி. இதை எழுதுவதற்கு ஆகும் நேரம், ஒரு இறகு நுனியை க்ளோன் செய்வதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு. எழுத மறுப்பவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றே. எழுதினால் படத்தின் மதிப்பு குறைந்துவிடுமாம். சொன்னால் குறையும் மதிப்பு, சொல்லாதபோது எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

துறைகள் செய்யக்கூடியது சிக்கலானதும் அன்று. ஆய்வேட்டில் சேரும் ஒவ்வொரு உயிரினப் படத்துக்கும் ரா கோப்பை ஒப்படைக்கக் கேட்கலாம். திருத்திய லேயரைத் தனியே வைக்கச் சொல்லலாம், அந்த லேயரை அணைத்தால் சுள்ளி மீண்டும் தோன்றவேண்டும். அடையாளம் காண உதவும் உறுப்பு எதன் மேலும், அதாவது புருவம், சிறகுப் பட்டை, அலகின் அடி, முதன்மை இறகின் நீளம், வாலடி ஆகியவற்றின் மேல், நிரப்பல் எதுவும் கூடாது என்று எழுதி வைக்கலாம். மற்ற இடங்களில் செய்தால் படக்குறிப்பில் சொல்லவேண்டும். இவ்வளவுதான். ஏலப்பாறைப் புதரிலிருந்து சுள்ளியோடு வரும் சிரிப்பான் படத்துக்கு ஆய்வேட்டில் இடம் கொடுக்க வழிகாட்டிகள் முதலில் பழகட்டும். மாணவர்கள் அதன்பின் அழிப்பானைத் தாமே கீழே வைப்பார்கள்.